உபரிப் பெண்ணும் பத்து நிமிஷமும்

(திருவண்ணாமலையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசச் சொல்வீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்களோ, "கிளாஸ்ல செமினார் எடுக்கணும்ணா, பத்து நிமிஷம், நெனைச்சாலே வயித்தைக் கலக்குது, அதைப் பத்திச் சொல்லுங்க" என்றீர்கள். நல்லது. கவிதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தைரியமாக இருங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்படிச் சொல்லி யாருக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, நடந்து முடிந்த ஒரு செமினாரை எடுத்து, கடிகாரத்தைப் பின்பக்கம் திறந்து பார்க்கிற மாதிரி, அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் ஆசிரியர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் செமினார் வகுப்பு. மாணவர்கள் முறை வைத்து ஆளுக்கொரு கட்டுரை வாசிக்கிறார்கள். அன்றைய மாலை முறை அம்பேத்கருக்கு. வயது 25 முடிந்து இருபத்தைந்தே நாள். 'இந்தியாவில் சாதிகள்: இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி' என்று நாம் படிக்கிறோமே, அதுதான் அவர் வாசித்தது. மறு வருஷம், 1917 மே மாதம், 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் அச்சானது. நாம் அதைச் சிலைக்குப் போடுகிற மாலை மாதிரி தூக்கி வைத்துவிட்டோம். அது அடிப்படையில் கிளாஸில் முறை வந்தபோது ஒரு மாணவர் எழுந்து வாசித்த பேப்பர். உங்கள் ரோல் நம்பர் வரும்போது நீங்கள் எழுவீர்களே, அதே மாதிரி. அந்தக் கண்ணோடு அதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வேறொரு விஷயம் தெரியும்.

முதல் பக்கத்தில் அவர் என்ன செய்கிறார்? சாதி என்ற சொல்லோடு ஆரம்பிக்கவில்லை. கேட்பவர்கள் பார்த்திருக்கக்கூடிய பொருட்காட்சிகளில் ஆரம்பிக்கிறார். பொருள்களை வைத்துக் காட்சி நடத்துவது போல, மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடுகளை வைத்து ஒரு காட்சி நடத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். பாம்பேயி இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டியை நினைவுபடுத்தி, நம் படிப்பு படிப்பவனும் ஒருவகையில் அந்த வழிகாட்டிதான் என்கிறார். இதுவரை பேசிய வகுப்புத் தோழர்கள் நன்றாகச் செய்தார்கள், இன்று என் முறை என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊர் தெரியாது, தெரு தெரியாது, சாதி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் நின்ற இடத்துக்குத் தானே போய், கையைப் பிடித்து அழைத்து வருகிறார்.

அடுத்துத்தான் முக்கியமான காரியம். இந்தப் பிரச்சினை பெரிது, முழுசாக எடுத்துக்கொண்டால் நேரமும் இடமும் அறிவும் போதாது, அதனால் ஒரு பகுதியோடு நிறுத்திக்கொள்கிறேன், அதைத் தாண்டி அவசியமில்லாமல் போகமாட்டேன் என்று முன்கூட்டியே வேலி போடுகிறார். சாதியைப் பற்றி அந்த அறையில் அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? அவரே வேலி போட்டார். நாம் என்ன பண்ணுகிறோம்? தலைப்பு கொடுத்த அன்றைக்கே நூலகத்தில் இருக்கிற அத்தனையையும் அள்ளிக் கட்டுகிறோம்.

மேடைப் பயத்தில் பாதி இந்த மூட்டையால் வருகிறது என்பது என் கட்சி. 27 நிமிஷத்துச் சரக்கை 10 நிமிஷத்தில் இறக்க வேண்டும் என்றால் எவனுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். பயத்தை நேராகப் பிடித்துத் தள்ள முடியாது. மூட்டையைக் குறைக்க முடியும். அது நம் கையில் இருக்கிற வேலை.

27 என்று சும்மா சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு தங்கச்சி, வரலாறு மூன்றாம் வருஷம், இதே அம்பேத்கர் கட்டுரைதான் செமினார் தலைப்பு என்று என்னிடம் வந்தது. எழுதிக்கொண்டு வந்திருந்தது பதினோரு பக்கம். "நின்னு, சத்தமா வாசிம்மா" என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அம்பேத்கர் மவ்வில் பிறந்தார் என்று தொடங்கி, பரோடா மன்னரின் உதவித்தொகை, கொலம்பியா, லண்டன், வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம், அரசியல் சட்டம் எல்லாம் வந்து, 27-ஆவது நிமிஷத்தில்தான் கட்டுரையின் பெயருக்கே வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு மூச்சு இரைக்கிறது. கண்ணில் தண்ணி. "எனக்குப் பேச வராதுண்ணா" என்றது. பேச வராமல் இல்லை. தலைப்பு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு வார்த்தை போகும். நம் சொற்கள் நீளம். அப்படியானால் பத்து நிமிஷத்துக்கு எண்ணூறு வார்த்தை, கையெழுத்தில் நாலு பக்கம், ஐந்து பக்கம். அம்பேத்கரின் கட்டுரையை அப்படியே வாசித்தால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சுருக்கிச் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. சுருக்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு வரி நிற்கும், ஒன்றும் புரியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை விட வேண்டும். விடும்போது மனசு வலிக்கும். விடுங்கள். விட்டதைப் பிறகு கேள்வி நேரத்தில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

எதை எடுப்பது? அந்தப் பேப்பரில் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கிற இடம் எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அந்த உபரிப் பெண் கணக்குண்ணா" என்றது. அதேதான். அதுவே செமினார்.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். விஷயம் தெரியாமல் முறையை மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது.

செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்று நாலு பேர் சாதிக்குக் கொடுத்த விளக்கங்களை அம்பேத்கர் எடுத்து வைத்துப் பார்க்கிறார். கேத்கர் சொன்ன இரண்டு அடையாளங்கள்: வெளியே மணம் கூடாது, பிறப்பால்தான் உறுப்பினர். இவை இரண்டில்லை, ஒரே காசின் இரண்டு பக்கம் என்கிறார். வெளியே மணத்தை அடைத்துவிட்டால் உள்ளே பிறப்பவர் மட்டும்தானே உறுப்பினர் ஆக முடியும். ஆக, அகமணம்தான் சாதியின் சாவி. சரி, ஒரு கூட்டம் இன்று தன் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சாத்தியபடியே இருக்க என்ன வேண்டும்? கல்யாண வயதில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டும்.

தங்கச்சி போர்டில் போட்டது இது. 100 ஆண், 100 பெண். ஒரு கணவன் செத்துப்போகிறான். 99 ஆண், 100 பெண். அந்த ஒருத்திதான் உபரிப் பெண். அவள் வெளியே போய்க் கட்டிக்கொண்டால் வேலி உடையும். உள்ளேயே கல்யாணமாகாத ஒருவனைக் கட்டிக்கொண்டால் வேறொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை குறையும். கூட்டம் என்ன செய்யும்? அவளை அவனோடு எரிக்கலாம். அது எல்லா நேரமும் நடக்காது என்றால், உயிரோடு வைத்து விதவை என்று ஒதுக்கி வைக்கலாம். சரி, மனைவி செத்தால்? அப்போது உபரி ஆண். அவனை எரிப்பார்களா? ஆதிக்கம் அவன் கையில், உழைப்பும் கூட்டத்துக்கு வேண்டும். சாமியாராக இரு என்றால் எத்தனை பேர் இருப்பான்? ஆகவே இன்னும் கல்யாண வயது வராத சிறுமிகளிலிருந்து ஒருத்தியைப் பிடித்து அவனுக்குக் கட்டுகிறது. உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் தனித்தனி மூடப் பழக்கங்கள் இல்லை, ஒரே பூட்டின் மூன்று நாக்குகள் என்று தெரிகிறது இல்லையா? அவற்றைப் புகழ்ந்து சொன்ன தத்துவங்கள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்பது அவர் வாதம்.

இதைச் சொல்ல நாலு நிமிஷம். போர்டில் இரண்டே எண். மாணவர் யாரும் தூங்கமாட்டார். முன்னால் ஒரு நிமிஷம் அறிமுகம், அகமணம் என்றால் என்ன என்று இரண்டு நிமிஷம், பின்னால், ஒரு கூட்டம் கதவைச் சாத்தியதும் மற்றவை அதைப் பார்த்து ஏன் சாத்திக்கொண்டன என்று ஒன்றரை நிமிஷம், முடிக்க ஒரு நிமிஷம். ஒன்பதரை. மீதி அரை நிமிஷம் போர்டு பக்கம் நடக்க, தண்ணி குடிக்க. பரோடா, லண்டன், பூனா எல்லாம் போச்சு. அவர் பிறந்த தேதிகூடப் போச்சு. இருபத்தைந்து வயதில் வாசித்தார் என்பது மட்டும் நின்றது. அது கேட்பவர்களுக்கு உறைக்கும் என்பதால்.

அடுத்தது தாள். முழுசாக எழுதி வைத்து வாசித்தால் தலை குனிந்துவிடும், குரல் தாளிலேயே விழும், ஒரு வரி தவறினால் விரலால் தேட வேண்டும். முழுசாக மனப்பாடம் செய்தால் இன்னும் மோசம். ஒரு சொல் மறந்தால் சங்கிலி அறுந்து அப்படியே நிற்பீர்கள். முதல் ஐந்தாறு வாக்கியமும் கடைசி மூன்று வாக்கியமும் மட்டும் வார்த்தை மாறாமல் வாயில் இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு ஓர் அட்டையில் ஆறு வரி, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில். அட்டை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு ஊருக்குச் சொல்லிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டை சொல்லாது. அதன் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது.

முதல் வரிகளை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். செய்யாறு பக்கம் புரிசைக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொண்டு, அப்புறம்தான் திரை விலகுகிறது. வரவுப் பாட்டு அவர் உடம்பில் ஊறியது, யோசிக்கவே வேண்டாம். வாய் தானாகப் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆள் சபைக்குப் பழகிவிடுகிறார். உங்கள் முதல் ஐந்து வாக்கியம் அந்தத் திரை.

ஏனென்றால் பயத்துக்கு ஒரு போக்கு இருக்கிறது. பெயர் கூப்பிடுகிறபோதும் முதல் நிமிஷத்திலும்தான் அது உச்சிக்குப் போகும். நெஞ்சு அடிக்கும், நாக்கு ஒட்டும், கால் தன்னுடையது இல்லை என்று தோன்றும். உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினை ஊற்றுகிறது. இரண்டாம், மூன்றாம் நிமிஷத்தில் பலருக்கும் அது தானே இறங்க ஆரம்பிக்கும். இறங்குகிறவரை வாய்க்கு வேலை கொடுத்தால் போதும். முதல் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். ஆறு வார்த்தைக்கு மேல் வேண்டாம். பெரிய வாக்கியத்துக்கு அப்போது மூச்சு இருக்காது.

இன்னொன்று. உள்ளே அடிக்கிற அடி வெளியே கேட்கிறது என்று நினைக்கிறோமே, அது பெரும்பாலும் பொய். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைப் பேச வைத்துப் பார்த்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் தெரிந்துவிட்டது என்று நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நானும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "மன்னிக்கணும், எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதுவரை தெரியாதவனும் தேட ஆரம்பிப்பான்.

பழகுவது பற்றி. மனசுக்குள் வாசிப்பது ஒத்திகை ஆகாது. நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து. முதல் தடவை யாரும் இல்லாத இடத்தில். ஏரிக்கரை இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. கிரிவலப் பாதை வேண்டாம், அங்கே நம் பேச்சைவிட ஒலிபெருக்கி சத்தமாகப் பேசும். இரண்டாம் தடவை ஒரே ஓர் ஆள் முன்னால். அந்த ஆள் பாடம் தெரியாதவராக இருந்தால் நல்லது. தங்கச்சி தன் அம்மாவிடம் சொல்லிக் காட்டியது. நாத்து நடப் போகிற அம்மா. கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப ஆம்பளைக்கு ஒரு நாயம், பொம்பளைக்கு ஒரு நாயமா?" என்று கேட்டாராம். அந்த இடத்தில் ஒரு விநாடி நிறுத்த வேண்டும் என்று அதிலிருந்துதான் தெரிந்தது. மூன்றாம் தடவை, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அதே அறையில், அதே போர்டுக்கு முன்னால். கடைசி பெஞ்சில் ஒரு தோழியை உட்கார வைத்து, கேட்கிறதா என்று பாருங்கள். இதில் எனக்குத் தொழில் அனுபவம் உண்டு. பத்து வருஷமாக பாங்க் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, காது கேளாத பெரியவருக்கும் அவசரத்தில் இருக்கிறவருக்கும் வட்டிக் கணக்கு சொல்கிறவன் நான். குரலை உயர்த்துவதால் கேட்காது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முழுங்காமல் சொன்னால் கேட்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதை முழுங்கினால் செய்தார்களா செய்யவில்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

எது கோணலாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் பத்து நிமிஷம் ஓடியது ஒரு ஆள் முன்னால் ஏழு நிமிஷத்தில் முடிந்தால், ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வாக்கியம் நீளம். வெட்டுங்கள். ஒரே இடத்தில் மூன்று தடவையும் தடுக்கினால் அந்த இடம் உங்களுக்கே இன்னும் புரியவில்லை. அதற்குப் பயிற்சி மருந்தில்லை, திரும்பப் படிக்க வேண்டும். தங்கச்சிக்கு அப்படித் தடுக்கிய இடம், கதவைச் சாத்துவது ஏன் மற்றவர்களுக்கும் பரவியது என்பது. படித்துப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அதிகமாகவும் தூரத்தில் இருப்பவர்கள் குறைவாகவும் மேலே இருப்பவரைப் போலச் செய்கிறார்கள் என்று கட்டுரையிலேயே விடை இருந்தது. கப்ரியேல் டார்ட் என்ற பிரெஞ்சு சமூகவியலாளரை அம்பேத்கர் அங்கே துணைக்கு அழைக்கிறார். மறுநாள் அந்த இடம் தடுக்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லா மாணவர்களுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் பலருடைய பயம் இதோடு முடிவதில்லை. அதைச் சொல்லாமல் போனால் நான் பொய் பேசியவன் ஆவேன்.

எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில் சிறுவன் பீமராவை ஆசிரியர் போர்டுக்கு அழைத்து ஒரு கணக்குப் போடச் சொன்னார். மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் போர்டுக்குப் பின்னால் இருந்தன. அவன் போர்டைத் தொடுவதற்கு முன் ஓடிப்போய் டப்பாக்களை இழுத்து எறிந்தார்கள். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. வகுப்புக்கு முன்னால் எழுந்து நடப்பது என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். இன்று டப்பாவை யாரும் எறிவதில்லை. ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் சத்தமாகப் படிக்கிறார்கள். 'எங்கூட்ல' என்று ஒரு சொல் வாயில் வந்தால் பின் பெஞ்சில் சிரிப்பு வருகிறது. எந்த ஊர் என்று கேட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் அச்சான ஆய்வு. சாதியைச் சொல்லாமல் உட்கார வைத்தபோது எல்லாப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டுக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்ட எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதே மாதிரிப் பையன்கள், அதே மாதிரி மூளை. மாறியது அறையின் காற்று மட்டும். ஆகவே நாக்கு ஒட்டுகிறபோது, நான் இவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள். டப்பா எறிந்து யாரும் அவமதிக்காத காந்தியே, 1891-ல் லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய பின் பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கில் எழுந்து, சாட்சியைக் கேட்க ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்துவிட்டார், ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

கொலம்பியா அறைக்கும் நம் அறைக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒப்பு இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே அவர் எந்தத் தெருப் பிள்ளை என்று கணக்குப் பார்க்க ஆள் இல்லை. இங்கே இருக்கிறார்கள். தலைப்பு சாதியாக இருந்தால் எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும், உன் கதையைச் சொல் என்கிற மாதிரி. சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கட்டுரையில் அவர் தன் சொந்தக் காயத்தைக் காட்டவில்லை. பம்பாயில் தனக்கு நடந்ததைச் சொல்லாமல், ஆண் பெண் சமநிலையில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கு வைத்தார். கணக்குக்கு யாரும் அனுதாபப்பட முடியாது, பதில்தான் சொல்ல முடியும். நம் எழுத்தில் சுயகதைக்கு இருக்கிற வலிமை எனக்குத் தெரியும், நானே அதில் எழுதுகிறவன். ஆனால் பத்து நிமிஷத்தில், மார்க் போடுகிறவர் முன்னால், சிரிக்கக் காத்திருக்கிறவன் முன்னால் அதைத் திறக்கலாமா என்பது உங்கள் தீர்மானம். வகுப்பு தீர்மானிக்கக் கூடாது. பேச்சு மொழி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். வீட்டுப் பேச்சு வந்தால் வரட்டும். புத்தகத் தமிழில் பேச முயன்று பாதி கவனம் சொல்லைத் திருத்துவதிலேயே போனால், மீதி பாதியில் எதைச் சொல்வீர்கள்?

கேள்வி நேரத்துக்குத்தான் பலர் அதிகம் பயப்படுகிறார்கள். அம்பேத்கர் முடித்த விதத்தைப் பாருங்கள். இது என் கோட்பாடு, தவறு என்று காட்டினால் கைவிடத் தயார், உணர்ச்சியை விட்டுவிட்டு விஷயத்தை வைத்துப் பேசுவோம் என்கிறார். இது பணிவு மாதிரித் தெரியும். உண்மையில் அது களத்தின் எல்லையைப் போடுவது. வந்தால் விஷயத்தோடு வா என்பது. உங்கள் கடைசி மூன்று வாக்கியத்தில் ஒன்று இப்படி இருக்கட்டும். வரக்கூடிய மூன்று கேள்வியை முந்தின நாளே எழுதி வையுங்கள். கேள்வி வந்ததும் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். உங்களுக்கு நாலு விநாடி கிடைக்கும், மற்றவர்களுக்கும் கேள்வி காதில் விழும். தெரியாவிட்டால் "தெரியலை, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்பது முழுமையான பதில். ஆனால் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி பேசிய அன்று ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி ஆனதாம். இரண்டாவது நிமிஷத்தில் அட்டை கீழே விழுந்தது, குனிந்து எடுத்துத் தொடர்ந்தது, அதை யாரும் பிறகு பேசவில்லை. முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "இதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாருங்க சாதி பாக்குறா?" என்றான். எழுதி வைத்திருந்த மூன்றில் அது இரண்டாவது. கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "சாதி பாக்குறாங்களான்னு நான் எதை வச்சுப் பாக்கணும்? சாவி கல்யாணத்துலதான் இருக்குன்னு இவர் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மணமகள் தேவைன்னு ஒரு பக்கம் வருதே, அதை எடுத்து எண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையனே பேப்பரைக் கொண்டு வந்தான். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் எண்ணிக்கொண்டிருந்தார்களாம். எத்தனை வந்தது என்று என்னிடம் சொன்னது. நான் சொல்லமாட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே எண்ணுங்கள்.